உதவி: 2023-24க்கு ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து ASMT-10 நோட்டீஸ் வந்திருக்கிறது, 61,200 ரூபாய் வித்தியாசம்

ஹார்டுவேர் கடைக்காரர்:
வணக்கம். கொள்முதலில் கட்டிய வரிக்காக என் மாத வரிக் கணக்கான GSTR-3B-யில் நான் எடுத்த உள்ளீட்டு வரி வரவு 4,86,200. சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து வரும் GSTR-2B-யில் 4,25,000தான் வருகிறதாம். பில் எல்லாம் கையில் இருக்கிறது, பணமும் வங்கி வழியாகவே கொடுத்தேன். பதில் சொல்ல 30 நாள், அதில் 9 நாள் போய்விட்டது. எங்கிருந்து தொடங்குவது?

துணிக்கடைக்காரர்:
7 நாள்தான் சார்! எனக்கு அப்படித்தான் வந்தது, பதில் போடாததால் அடுத்த விற்பனைக் கணக்கான GSTR-1 தாக்கல் செய்ய முடியாமல் நின்றுவிட்டது.

கணக்கர்:
உங்களுக்கு வந்தது DRC-01C என்ற வேறு நோட்டீஸ். இவருக்கு ASMT-10. பதில் ASMT-11 படிவத்தில் போகும்.

அண்ணா, மொத்தத் தொகையோடு மல்லுக்கட்டாதீர்கள். 12 மாத 2B-யோடு 2024 ஏப்ரல், மே 2B-யையும் இறக்குங்கள். கொள்முதல் பதிவேட்டோடு ஜிஎஸ்டி எண், பில் எண், வரித்தொகை மூன்றையும் வைத்து ஒப்பிடுங்கள். பில் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் 0147 என்று எழுதியதை சப்ளையர் 147 என்று ஏற்றியிருப்பார், எக்ஸெல் இரண்டையும் வேறு பில்லாகக் காட்டும்.

ஹார்டுவேர் கடைக்காரர்:
இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். மூன்று இடத்தில் சிக்கல்.
பெயின்ட் சப்ளையரின் மார்ச் பில்கள், 38,700: ஏப்ரல் 2B-யில் இருக்கின்றன.
பைப் சப்ளையர், 14,400: எங்குமே இல்லை. என் ஜிஎஸ்டி எண் போடாமல் சில்லறை விற்பனையாக ஏற்றிவிட்டாராம்.
மீதி 8,100: ஒரே பில்லை நானே இரண்டு முறை ஏற்றியிருக்கிறேன்.

கணக்கர்:
கூட்டினால் 61,200, சரியாக வருகிறது. இனி மூன்றுக்கும் தனித்தனிப் பதில்.

பெயின்ட்காரர் மார்ச் GSTR-1-ஐத் தாமதமாகப் போட்டிருப்பார், அதனால் அடுத்த மாத 2B-க்குப் போயிருக்கிறது. அந்தப் பக்கத்தை இணையுங்கள். ஆனால் 2024-25-ல் அதே பில்லுக்கு மறுபடி வரி எடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். எடுத்திருந்தால் இந்தப் பதிலே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

8,100-ஐ, நாமே முன்வந்து வரி கட்டும் DRC-03 படிவம் வழியாகக் கட்டிவிடுங்கள். வட்டி 18 சதவீதம், அதுவும் அந்த வரியைப் பயன்படுத்தியிருந்தால்தான். வரவுப் பேரேட்டில் இருப்பு எப்போதும் 8,100-க்குக் குறையாமல் இருந்ததா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் வட்டி இல்லை.

மொத்த வியாபாரி:
பைப்புக்குக் கவலை வேண்டாம். சப்ளையரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும், சுற்றறிக்கையே இருக்கிறது.

கணக்கர்:
இருக்கிறது அண்ணா, 183-ஆம் எண். ஆனால் அது 2017-18, 2018-19க்கு. பிறகு வந்த 193, 2021 டிசம்பர் 31 வரைதான் போகிறது. 2022 முதல் பில் 2B-யில் வந்தாக வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பைப்காரர் அந்த பில்லைத் திருத்துவதற்கான கடைசி நாளும் 2024 நவம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது.

ஹார்டுவேர் கடைக்காரர்:
அவர் வரியை அரசுக்குக் கட்டிவிட்டார். அப்போதுமா நான் கட்ட வேண்டும்?

கணக்கர்:
நியாயம் உங்கள் பக்கம்தான். அவருடைய GSTR-1, 3B நகல், அவர் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் வங்கிக் கணக்குப் பக்கம் எல்லாவற்றையும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். அதிகாரி ஏற்பார் என்று என்னால் சொல்ல முடியாது. 14,400-ஐத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஹார்டுவேர் கடைக்காரர்:
கடிதம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். 3B நகல் கேட்டதும் ஃபோனை எடுப்பதில்லை. நாளை நேரில் போகிறேன்.