சிலிண்டரா, குழாய் எரிவாயுவா, இண்டக்ஷனா: உங்கள் அடுப்படியில் நடந்ததைச் சொல்லுங்கள்

பன்னிரண்டாம் மாடி

நடந்து மாதங்கள் ஆகிவிட்டன, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நல்ல குளிர்நாள், வீடு நிறைய ஆட்கள். மூன்று பர்னரும் முழுத் தீயில் எரிந்துகொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் தீ குட்டையாகிப் படுத்துவிட்டது. ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், பயனில்லை. பால்கனியில் இருந்த சிலிண்டரைக் கையால் தொட்டால் சுரீரென்றது. அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு வெள்ளையாக உறைபனி படர்ந்திருந்தது, சுண்ணாம்பு அடித்த மாதிரி. அதற்கு மேலே வெறும் இரும்பு. காலி என்று முடிவு செய்து அடுத்த சிலிண்டரை மாட்டிவிட்டேன்.

மறுநாள் அதைத் தூக்கும்போது ஏதோ சளசளத்தது. எடை போட்டு, கழுத்து வளையத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழித்துப் பார்த்தேன். 1.9 கிலோ உள்ளேயே இருந்தது! இப்படி எத்தனை முறை மீதியோடு திருப்பிக் கொடுத்திருப்போமோ தெரியவில்லை.

இப்போது எங்கள் கட்டடத்துக்குக் குழாய் வருகிறது. இண்டக்ஷனே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். மாதச் செலவில் எது குறைவு, எது நடுவில் கைவிடாது? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ஸ்பேனர்

இருபது வருடமாக அடுப்பு வேலை பார்க்கிறேன். உங்கள் சிலிண்டரில் பழுது எதுவும் இல்லை. உள்ளே இருப்பது திரவம், அது ஆவியானால்தான் பர்னருக்கு வாயு வரும். ஆவியாக வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து இரும்பு வழியாகத்தான் இழுக்கும். மூன்று பர்னரும் முழுத் தீயில் இருந்தால் இழுக்கும் வேகத்துக்கு வெப்பம் வந்து சேராது. திரவம் குளிர்ந்துபோய் அழுத்தம் இறங்கிவிடும். உறைபனி நின்ற கோடுதான் திரவத்தின் மட்டம்.

இதில் இன்னொன்றும் உண்டு. உள்ளே ப்ரோபேனும் பியூட்டேனும் கலந்திருக்கின்றன. ப்ரோபேன் முந்திக்கொண்டு போய்விடும், கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேன். அது பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாக மறுக்கும். அதனால்தான் இந்தத் தொல்லை எப்போதும் சிலிண்டர் தீரும் சமயத்தில், குளிரில் வருகிறது. அதை அப்படியே விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே பர்னரைச் சிறு தீயில் எரித்திருந்தால் அந்த 1.9 கிலோவில் பெரும்பகுதி உங்களுக்குக் கிடைத்திருக்கும். தீயையோ ஹீட்டரையோ மட்டும் பக்கத்தில் கொண்டுபோய்விடாதீர்கள்.

வெந்நீர்

குழாய் வேண்டாம் என்பதுதான் என் அனுபவம். கனமீட்டருக்குக் கணக்கு போட்டால் குழாயில் வரும் வாயுவில் சிலிண்டர் வாயுவின் பாதி சூடுகூடக் கிடையாது. எங்கள் வீட்டில் மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து சின்ன பர்னரில் ஒரு பாத்திரம் தண்ணீர் கொதிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. நேரம் இரண்டு மடங்கு என்றால் செலவும் இரண்டு மடங்குதானே?

ஸ்பேனர்

அண்ணா, முதல் வரி சரி, முடிவு சரியில்லை. வாயுவாக அளந்தால் சூடு பாதிக்கும் குறைவுதான். ஆனால் சிலிண்டரைக் கிலோவிலும் குழாயைக் கனமீட்டரிலும் விலை பேசுகிறோம். ஒரு கிலோ சிலிண்டர் வாயுவின் சூட்டுக்கு ஏறக்குறைய 1.3 கனமீட்டர் குழாய் வாயு சமம். அந்த 1.3-ஐ வைத்து விலையை ஒப்பிடுங்கள்.

உங்கள் சின்ன பர்னர் தூங்குவதற்குக் காரணம் வேறாக இருக்கும். குழாய் வாயுவுக்குப் பெரிய துளையுள்ள ஜெட் வேண்டும். போன மாதம் ஒரு வீட்டில் நான்கு ஜெட்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். மூன்றில் துளை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது. நாலாவதில் ஊசிமுனை அளவுதான். மாற்றிய ஆள் அந்த ஒன்றை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒன்றரை வருடமாக அந்த அம்மா குழாய் வாயுவையே திட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பர்னர் மட்டும் மந்தம் என்றால் முதலில் ஜெட்டைப் பாருங்கள். எல்லாமே மந்தம் என்றால்தான் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்.

வெந்நீர்

சின்னது மட்டும்தான் மந்தம், பெரியது நன்றாகவே எரிகிறது. ஆள் கூப்பிட்டுப் பார்க்கிறேன். ஆனாலும் இரண்டு மடங்கு நேரம் எரிந்த வாயுவுக்கு நான் காசு கொடுத்தேனா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?

கணக்குநோட்டு

பாதி தீ இரண்டு மடங்கு நேரம் எரிந்தால் வாயு கிட்டத்தட்ட அதேதான், வெந்நீர். நேரம் கூடுவதால் பாத்திரம் இழக்கும் சூடு மட்டும் கொஞ்சம் கூடுதல்.

செலவுக் கேள்விக்கு வருகிறேன். நான் மூன்றையும் ஒரே சமையலுக்கு அளந்திருக்கிறேன். நாலு பேர் வீடு. ஒரு வாரம் சிலிண்டரை மட்டும் வைத்து, தினமும் காலையில் எடை போட்டேன். 1.8 கிலோ போனது. அடுத்த வாரம் இண்டக்ஷன் மட்டும், பிளக்கில் சொருகும் மீட்டர் வைத்து. 15.5 யூனிட். பிறகு குழாய் உள்ள வீட்டுக்கு மாறினோம். அங்கே ஒரு வாரத்துக்கு 2.4 கனமீட்டர் ஓடியது. ஆக என் வீட்டில் ஒரு கிலோ சிலிண்டர் வாயு என்பது 1.33 கனமீட்டர் குழாய் வாயு, இல்லாவிட்டால் சுமார் 8.6 யூனிட் மின்சாரம்.

ஒரு கிலோவில் இருக்கும் ஆற்றலை மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட 12.8 யூனிட் வர வேண்டும். அடுப்புத் தீயில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம்தான் பாத்திரத்துக்குள் போகிறது, மீதி ஓரத்தில் ஏறி அறையைச் சூடாக்குகிறது. இண்டக்ஷனில் எட்டில் ஏழு பங்கு வரை உள்ளே போகும். அதனால்தான் 12.8 இருக்க வேண்டிய இடத்தில் 8.6 போதுமாகிறது.

உங்கள் ஊர் கிலோ விலையை 8.6-ஆல் வகுங்கள். வரும் தொகையைவிட யூனிட் விலை குறைவாக இருந்தால் இண்டக்ஷன் மலிவு. ஆனால் எந்த யூனிட் விலை? நான் சறுக்கிய இடம் இதுதான். பில்லின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரியை எடுத்துக்கொண்டேன். மாதக் கடைசியில் பில் எதிர்பார்த்ததைத் தாண்டிவிட்டது. எங்களுக்குப் படிப்படியாக ஏறும் கட்டணம். சமையலுக்குக் கூடும் 66 யூனிட்டும் ஏற்கெனவே இருந்த செலவின் மேல் உட்காருகிறது. அதற்கு மேல்படி விலைதான் விழும், சராசரி விலை விழாது. அந்த விலையை வைத்துக் கணக்கிட்டபோது எனக்குக் குழாய்தான் மலிவாக வந்தது.

சமதளம்

எங்களுக்குப் படியே கிடையாது, நேரத்தைப் பொறுத்துத்தான் விலை. மாலை விலை அதிகம், அப்போதுதான் நாங்கள் சமைப்போம். குழாய்க்கோ பயன்படுத்தாவிட்டாலும் மாதாமாதம் நிலையான கட்டணம் உண்டு. இரண்டே பேர், வாரத்தில் மூன்று நாள் வெளியே சாப்பாடு. அந்த நிலையான கட்டணமே எங்கள் வாயுச் செலவைவிட அதிகம். எனவே கணக்குநோட்டு சொல்லும் முடிவு எங்களுக்குப் பொருந்தாது.

கணக்குநோட்டு

சரிதான், நிலையான கட்டணத்தை நான் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்தால் என் வீட்டிலேயே இடைவெளி பாதியாகிவிடுகிறது. இரண்டு பேர் வீட்டுக்கு நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பால்கனிச்செடி

எல்லாரும் பணத்தையே பேசுகிறீர்கள். எனக்கு நடந்தது வேறு. இண்டக்ஷன் வாங்கி மூன்றாவது மாதம், சமையலறையில் பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுப்பு சாதாரணமாகத்தான் ஓடியது. பிளக்கைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன், அவ்வளவு சூடு. கழற்றிப் பார்த்தால் ஒரு முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி உள்வாங்கியிருந்தது. சாக்கெட்டும் அப்படியே. வந்த எலக்ட்ரீஷியன், 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் எட்டே முக்கால் ஆம்பியர் இழுக்கும், மிக்ஸிக்குப் போட்ட சின்ன சாக்கெட் இதைத் தாங்காது என்றார். பெரிய சாக்கெட்டும் அதற்கென்று தனி ஒயரும் போட்டார். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

வாங்குகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். காந்தம் ஒட்டாத அலுமினியமும் செம்பும் இதில் சூடேறாது. அடி வளைந்த பாத்திரம் ஓரத்தில் சூடேறாமல் நடுவில் மட்டும் கருகும். குக்கரின் அடியும் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடி மேல் ஈரத்தோடு பாத்திரம் வைக்காதீர்கள். பின்பக்கம் காற்று போக நாலு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் நடுவில் தானாக நின்றுவிடும். சமையல் முடிந்தவுடன் சுவிட்சை அணைக்காதீர்கள், உள்ளே விசிறி நின்ற பிறகு அணையுங்கள். இன்வர்ட்டரில் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விளக்கும் விசிறியும் ஓடும் இன்வர்ட்டர் இதைத் தூக்காது.

இரவுவிளக்கு

நம்பகம் என்று கேட்டதால் எழுதுகிறேன். எங்கள் குழாயில் வருடத்தில் ஒரு முறை நின்றாலே அதிகம். அந்த ஒரு முறைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. சாயங்காலம் அடுப்பில் குக்கர் வைத்திருந்தோம். தெருவில் வேலை, வாயு நின்றது, தீ அணைந்தது. அம்மா குக்கரை எடுத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். குமிழைத் திருப்பி மூட யாருக்கும் தோன்றவில்லை. இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறைக் கதவைத் திறந்ததும் அந்த நாற்றம். விளக்கு சுவிட்சுக்குப் போன கை, சுவரில் பட்டு அப்படியே நின்றது. அந்த ஒரு நொடி இன்னும் கனவில் வருகிறது. இருட்டிலேயே தடவிப்போய் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப்போனேன்.

ஸ்பேனர்

கை நின்றது பெரிய விஷயம் தம்பி. உங்கள் அடுப்பில் தீ அணைந்தால் தானாக மூடும் வால்வு இல்லை என்று தெரிகிறது. இருக்கும் அடுப்பில் சோதிப்பது சுலபம். பர்னரை ஒரு நிமிடம் எரியவிட்டு, சுவர்க் குழாயின் மெயின் வால்வை மூடுங்கள். தீ அணைந்து ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்துக்குள் அடுப்புக்குள்ளே டக்கென்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த பர்னரின் வால்வு வேலை செய்யவில்லை. சோதனை முடிந்ததும் குமிழை மூடிவிட்டுத்தான் மெயினைத் திறக்க வேண்டும்.

சமதளம்

இதற்குத்தான் இண்டக்ஷன் என்கிறேன்.

இரவுவிளக்கு

எங்கள் கட்டடத்தில் போன வருடம் கரண்ட் பதினோரு முறை போனது. குறித்து வைத்திருக்கிறேன். ஒரு முறை ஆறு மணி நேரம். அன்று இண்டக்ஷன் வீட்டுக்காரர்கள் மூன்று பேர் எங்கள் அடுப்பில்தான் குழந்தைகளுக்கு வெந்நீர் வைத்துக்கொண்டு போனார்கள்.

பன்னிரண்டாம் மாடி

அனைவருக்கும் நன்றி. குழாய் போடுகிறோமோ இல்லையோ, கணக்குநோட்டு சொன்ன மாதிரி முதலில் ஒரு வாரம் எடை போடப் போகிறேன். எங்கள் மின் பில்லைப் பார்த்தேன், மேல்படிக்கு இன்னும் 40 யூனிட் இடம் இருக்கிறது. அப்படியென்றால் சமையலில் பாதியை மட்டும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் கணக்கு வேறாக வருமோ? இன்று காலை ஏழு மணிக்குச் சிலிண்டர் 22.4 கிலோ, வளையத்தில் இருப்பது 15.3. நாளை அதே நேரத்துக்கு மறுபடி போடுகிறேன்.