நின்றால் கனக்கும் அடிவயிறு: அக்காவுக்காக ஓர் உதவி

குழுவிலுள்ள அம்மாமாருக்கும் தாதியருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் அக்கா, மூன்று பிள்ளைகளின் தாய். காலையில் நலமாக மலைக்கு ஏறுபவருக்கு, மாலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அடிவயிறு இடப்பக்கமாகக் கனத்து வலிக்கிறது. லயத்துக்கு வந்து அரை மணி நேரம் படுத்தால் வலி தணிகிறது. மூன்றாவது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கிய இவ்வலி, மாதவிடாய்க்கு முன் கூடுகிறது. தொடையின் உட்புறத்தில் நீல நரம்புகளும் புடைத்துள்ளன.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றதும், வேலைக் களைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஒரு மருத்துவர், இது இடுப்புக்குழி இரத்தத் தேக்கமாக இருக்கலாம் என்றார். கர்ப்பத்தில் விரியும் சூலக நாளங்களின் வால்வுகள் பழுதானால், நாம் நிற்கும்போது, மேலே போகவேண்டிய இரத்தம் கீழே இறங்கித் தேங்குமாம். படுத்தால் வடிந்துவிடுவதால், படுக்கவைத்து எடுக்கும் சாதாரண ஸ்கேனில் அது தப்பிவிடக்கூடும். ஏதோ கீழே இறங்கி வெளியே வருவது போன்ற உணர்வு அக்காவுக்கு இல்லை. பரிசோதித்தபோதும் கருப்பை இறக்கம் இல்லை என்றார்கள்.

நிற்கவைத்தோ, மூச்சடக்கி முக்கச் சொல்லியோ டொப்ளர் ஸ்கேன் எடுக்கும் அரச வைத்தியசாலை கண்டியிலோ நுவரெலியாவிலோ உண்டா? ஹோர்மோன் மாத்திரையாலோ, நாளத்தை உள்ளிருந்து அடைக்கும் சிகிச்சையாலோ குணமடைந்தவர்கள் இருந்தால், எத்தனை நாளில் மலைக்குத் திரும்பினீர்கள் என்றும் தயவுசெய்து எழுதுங்கள்.