பால் கட்டிக் காய்ச்சல் வந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறை அக்கா: தங்கைக்கு மூன்றாவது வாரம். இடது மார்பு கல் மாதிரி, பாதி சிவப்பு, காய்ச்சல் 102. முந்தின நாளே பாராசிட்டமால் கொடுத்தும் இறங்கவில்லை. அத்தை மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டி, "அந்தப் பக்கம் கொடுக்காதே, குழந்தைக்கு ஆகாது" என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் பார்த்தது அந்தப் பூவைத்தான். "பாலு நிர்த்தானாணோ?" என்று மலையாளத்தில் கேட்டுக்கொண்டே அவிழ்த்தார். அத்தை முகத்தைப் பார்க்கணுமே!

காம்பில் வெடிப்பும் இருந்ததால் டாக்டர் செஃபலெக்ஸின் 500 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, பத்து நாள் எழுதினார். சாப்பிட்டபின் ஐபுப்ரோஃபென். இரு பக்கமும் பால் கொடுக்கச் சொன்னார். அத்தை இன்னும் நம்பவில்லை.

வேலந்தாவளம் மீனா: மாத்திரையே வேண்டாம். எனக்குச் சுடுதண்ணீர் ஊற்றி, கட்டி கரையும்வரை அம்மா அழுத்தித் தேய்த்தார். பம்ப் வைத்து ஒரு சொட்டு விடாமல் எடுத்தேன். சரியாகிவிட்டது. பால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தூர் சிஸ்டர் (பிரசவ வார்டு): மீனா, பாலை நிறுத்தக்கூடாது என்பது சரி. தேய்த்தது தப்பு. உள்ளே உடைக்க வேண்டிய உருண்டை எதுவும் இல்லை. பால் குழாயைச் சுற்றியிருக்கும் சதைதான் வீங்கி, குழாயை நெருக்குகிறது. அழுத்தினால் வீக்கம் கூடும். பம்பில் ஒட்ட எடுத்தால் உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கும், மறுபடி கட்டும். குழந்தை குடிக்கிற அளவு போதும். துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். லேசான வீக்கம் ஒரு நாளில் இப்படியே தணிந்துவிடும், எல்லோருக்கும் ஆன்டிபயாட்டிக் தேவையில்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஒரு அம்மாவுக்கு மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் சூடு விடவில்லை. ஒரே இடத்தில் கட்டி நின்றது, தொட்டால் உள்ளே நீர் தளும்பியது. ஸ்கேனில் சீழ். மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். மறுபடி சேர்ந்ததால் திரும்பவும் எடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் குழந்தை அதே மார்பில் குடித்தது. சட்டென்று பாலை நிறுத்தியிருந்தால் தேங்கி இன்னும் மோசமாகியிருக்கும். அக்கா, தங்கைக்கு இரண்டு நாளில் குறையவில்லை என்றால் ஸ்கேன் கேளுங்கள். குறைந்தாலும் மாத்திரையைப் பாதியில் விட வேண்டாம்.

மீனா: சுடுதண்ணீரில் எனக்கு வலி போனதே, அது பொய்யா?

சித்தூர் சிஸ்டர்: கொடுப்பதற்கு முன் இதமான சூடு சிலருக்குச் சுகமாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். தேய்ப்பதைத்தான் சொல்கிறேன்.

வாளையார் ராணி: என் பையனுக்கு இரண்டு வயது, பால் மறக்கவே மாட்டேன் என்கிறான். அந்த மல்லிகைச் சரம் எத்தனை முழம் கட்டணும்?