புதுப்பிப்பு: ஸ்டாக்கில் ஒரு பெட்டி கூடுதலாகக் காட்டிய சிக்கல்

முதலில் கேட்டது: “12 பீஸ் கொண்ட பெட்டியாக 40 வாங்கி, 300 பீஸ் விற்றாயிற்று. கையில் 15 பெட்டி, கணினியில் 16. எங்கே தப்பு?”

காரணம் தெரிந்துவிட்டது. மென்பொருளில் இந்தப் பொருளின் அடிப்படை யூனிட் பெட்டி, தசமம் இரண்டு இலக்கம். ஒரு பீஸ் விற்றால் 0.0833-க்குப் பதில் 0.08 பெட்டிதான் கழிகிறது. 300 தனி பில்லுக்கு 24 பெட்டி. 25 கழிந்திருக்க வேண்டும்.

பதில் சொன்னவர்களில் “தசமத்தை ஆறு இலக்கமாக்குங்கள்” என்றவர் சொன்னது பாதி சரி. பிழை சுருங்குகிறது, ஆனால் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக விற்றபின் இருப்பு பூஜ்யமாகாமல் 0.000004 ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சப்ளையர் பெட்டியை 10 பீஸாக மாற்றிய கதையைச் சொன்னவருடையது வேறு சிக்கல். அதற்குத் தனிப் பெட்டி யூனிட் வேண்டும்.

சோதனையைச் சொன்னவர்தான் விஷயம் தெரிந்தவர்: ஒரே வரியில் 12 பீஸ் விற்றால் சரியாக 1 பெட்டி கழிந்தது, பன்னிரண்டு பில்லாகப் போட்டால் 0.96. ஆக, மாற்று விகிதம் சரி, ஒவ்வொரு வரியிலும் நடக்கும் முழுமையாக்கல்தான் தின்கிறது. மொத்த விற்பனை மட்டும் செய்பவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

நடமாட்டம் பதிவான பொருளுக்கு அடிப்படை யூனிட்டை மாற்ற மென்பொருள் விடவில்லை. பீஸை அடிப்படையாக வைத்துப் புதிய பொருள் உருவாக்கி, கொள்முதலுக்கு 1 பெட்டி = 12 பீஸ் எனக் கொடுத்து, எண்ணிப் பார்த்த 180 பீஸை ஆரம்ப இருப்பாக ஏற்றியாயிற்று. பழைய பொருளின் 16 பெட்டியையும் சரிக்கட்டல் பதிவில் பூஜ்யமாக்கியாயிற்று.

பழைய பில்லுக்குத் திரும்பி வரும் சரக்கு இன்னும் பழைய பொருளில்தான் ஏறுகிறது. அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.