ஒட்டின ஆளோட முகம் சரியானா தலைமுடி நீலமாகுது, உதவி பண்ணுங்க

ஆல்பம்மணி:
அவசரம். குடும்ப குரூப் போட்டோவுல, அன்னைக்கு வர முடியாத மகனை ஒட்டணும். கட்டிங் சுத்தமா வந்துடுச்சு. ஆனா ஆள் மட்டும் மஞ்சளா தனியா தெரியறார். நீலம் ஏத்தினா முகம் சேருது, தலைமுடி நீலமாயிடுது. காலையில பிரிண்டுக்குப் போகணும்.

வேலூரான்:
எந்த சாஃப்ட்வேர்? குரூப் வெயில்லயா நிழல்லயா? நீலத்தை எதை வச்சு ஏத்தினீங்க? இதெல்லாம் சொல்லாம எப்படிங்க சொல்றது?

செல்வி:
ஐபோன் படமா இருந்தா டிஸ்ப்ளே பி3 ப்ரொஃபைல்ல இருக்கும். ஒட்டும்போது கன்வெர்ட் ஆகலைன்னா கலர் மாறிடும். முதல்ல அதைப் பாருங்க.

ஆல்பம்மணி:
போட்டோஷாப். மகன் படம் வாட்ஸப்ல வந்த ஜேபெக், வீட்டு மஞ்சள் பல்பு வெளிச்சம். குரூப் மரநிழல்ல பகல்ல எடுத்தது. கலர் பேலன்ஸ்ல ஷேடோ, மிட்டோன், ஹைலைட் மூணுலயும் நீலம் +30.

நிழல்:
இதைப் பலமுறை இங்க எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. செல்வி சொல்ற ப்ரொஃபைல் கோளாறுல கலர் வெளுக்கும், மஞ்சளாகாது. தலைமுடி நீலமானதுக்குக் காரணம் ஷேடோல போட்ட அந்த +30. பல்பு மஞ்சள் வெளிச்சமான இடத்தைத்தான் அதிகமா பாதிக்கும், கருப்பை அவ்வளவா தொடாது. நீங்க ரெண்டுலயும் ஒரே அளவு நீலத்தைக் கொட்டியிருக்கீங்க.

வேலூரான்:
அப்ப கர்வ்ஸ்ல நடு டிராப்பரை எடுத்து மகனோட வெள்ளைச் சட்டையில ஒரு கிளிக். முடிஞ்சுது.

நிழல்:
முடியாது. சட்டை சாம்பலாகி பல்பு மஞ்சள் போகும், ஆனா குரூப்ல எல்லாரும் மரநிழலோட நீலத்துல இருக்காங்க. இவர் மட்டும் நடுநிலையா நின்னா அப்பவும் ஒட்டினவர்தான். பின்னணியில எந்தச் சாயம் இருக்கோ, அதே சாயம் இவருக்கும் வேணும்.

மணி, இப்படிப் பண்ணுங்க. முதல்ல கலர் பேலன்ஸை அழிச்சுடுங்க. கலர் சாம்ப்ளரை 5க்கு 5 சராசரியில வச்சு நாலு இடம் குறிங்க: அப்பாவோட வேட்டி, மகன் சட்டை, ரெண்டு பேர் தலைமுடியோட இருட்டான பகுதி. தோலை அளக்காதீங்க, ஆளுக்கு ஆள் மாறும். F8 அழுத்தி எண்களைப் போடுங்க.

ஆல்பம்மணி:
வேட்டி 186, 194, 206. சட்டை 224, 208, 168. குரூப்ல முடி 30, 32, 36. மகன் முடி 9, 6, 4.

நிழல்:
மகன் லேயர் மேல ஒரு கர்வ்ஸ் வச்சு Ctrl+Alt+G. கிளிப் ஆகலைன்னா குரூப்பும் சேர்ந்து மாறும். சிவப்பு சேனல்ல 9ஐ 30க்கும் 224ஐ 186க்கும் கொண்டு வாங்க. பச்சையில 6ஐ 32க்கு, 208ஐ 194க்கு. நீலத்துல 4ஐ 36க்கு, 168ஐ 206க்கு. கருப்பு மேல வர்றதால கான்ட்ராஸ்டும் இதுலயே சேர்ந்துடும். சிவப்புல மேல் முனையை 255லயே விட்டா நெற்றிப் பளபளப்பு சிவந்துடும், அதை 208 கிட்ட இறக்குங்க. பச்சையில 232.

அப்புறம் Ctrl+3, 4, 5 அழுத்தி ஒவ்வொரு சேனலா கருப்பு வெள்ளையில பாருங்க. எந்த சேனல்ல ஆள் தனியா தெரியறாரோ அங்கதான் இன்னும் வேலை பாக்கி. எல்லாத்துக்கும் மேல ஒரு ஹ்யூ சாச்சுரேஷன் லேயர்ல +80 வச்சாலும் மிச்சச் சாயம் கண்ணுல அடிக்கும். பார்த்ததும் அழிச்சிடுங்க.

செல்வி:
வேட்டியை அளக்கச் சொல்றது எனக்குச் சரியாப் படலை. சலவையில நீலம் போட்டிருப்பாங்க. சோப்புத்தூள்ல இருக்கிற வெளுப்பான் பகல் வெளிச்சத்துல நீலமா ஒளிரும், பல்புல ஒளிராது. அப்ப அந்த 206ல பாதி துணியோடது. பின்னாடி சாம்பல் சுவரோ ஸ்டீல் பாத்திரமோ இருந்தா அதையும் அளக்கணும்.

நிழல்:
நீலம் போட்டிருந்தாலும் நாலஞ்சு எண்தான் தள்ளும். மரநிழல் அதைவிட அதிகமா நீலம் காட்டும்.

செல்வி:
புது வேட்டியில நாலஞ்சோட நிக்காது. ஸ்டீல் பாத்திரம் சுத்தியிருக்கிற கலரை வாங்கும்னு சொல்வீங்க, அதுவும் சரிதான். அதுக்காக வேட்டி ஒண்ணையே நம்பணுமா?

கதிர்:
எனக்கும் இதே பிரச்சினை. ஸ்கிரீன்ல சரியா இருக்கு, ஃப்ளெக்ஸ்ல நீலம் ஊதாவா வருது. எந்த கர்வ் போடணும்?

வேலூரான்:
அது பிரிண்டர் ப்ரொஃபைல் விஷயம் தம்பி, தனியா கேளுங்க.

ஆல்பம்மணி:
முடி சரியாயிடுச்சு. சேர்ந்தாப்ல தெரியுது. ஆனா Ctrl+5ல கன்னத்துல கட்டம் கட்டமா இருக்கு.

நிழல்:
மஞ்சள் பல்புல நீல சேனலுக்கு வெளிச்சமே பத்தாது, வாட்ஸப் அதையும் சுருக்கிடுச்சு. இப்ப ஏத்தினதும் ஜேபெக் கட்டம் வெளியில தெரியுது. மகன்கிட்ட அதே படத்தை டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. வராதுன்னா லேயரை நகல் எடுத்து, நீல சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து காஸியன் ப்ளர் 1 பிக்சல். மத்த ரெண்டையும் தொடாதீங்க, கூர்மை அதுலதான் இருக்கு.

செல்வி:
வேட்டிக்குப் பதிலா சுவரை அளந்தா என்ன எண் வருதுன்னு போடுங்க மணி.