நாலு பேர், ஏழு நாள்: வார லீவை எப்படிப் பிரிப்பது?

கோயில் பக்கத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வேலைக்கு நாலு பேர். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு நாலு பேரும் இருந்தால்தான் கல்லாவில் வரிசை நகரும். அதனால் திங்கள், புதன், வியாழன், சனி ஆகிய நாட்களில் தினம் ஒருவருக்கு லீவு. பிள்ளைகள் வீட்டிலிருப்பதால் சனிக்கிழமைக்குத்தான் எப்போதும் சண்டை.

சரி, வாராவாரம் சுற்றி விடலாமென்று திங்கள், அடுத்த வாரம் புதன், அப்புறம் வியாழன், சனி என்று எழுதிப் பார்த்தேன். திங்கள் லீவெடுத்தவர் அடுத்த புதன்வரை தொடர்ந்து எட்டு நாள் நிற்க வேண்டியிருக்கிறது. சனி எடுத்தவருக்கோ ஞாயிறு மட்டும் வேலை, திங்களே மறுபடி லீவு! தலைகீழாகச் சுற்றினால் இன்னும் மோசம், ஒருவருக்குப் பதினோரு நாள்.

மாதம் முழுக்க ஒரே கிழமை கொடுத்து, மாதம் பிறந்ததும் மாற்றலாமா? சின்னக் கடை நடத்துபவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்?