சப்போர்ட் ஆள் வாடிக்கையாளர் கணக்கைத் திறந்து பார்க்கலாமா?

கடைக்கணக்கு: சிறு கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் செய்கிறோம். "பில் ரத்து செய்யும் பட்டனே வரவில்லை" என்று போன் வரும். எங்கள் திரையில் பார்த்தால் பட்டன் இருக்கும். அதனால் வாடிக்கையாளருக்குத் தெரிவதை சப்போர்ட் ஆளும் அப்படியே பார்க்க ஒரு வசதி வைக்கப் போகிறோம். பதிவு செய்யும்போது விதிமுறையில் ஒரு வரி சேர்த்துவிட்டால் ஒப்புதல் ஆகிவிடுமா? லாக்கில் என்னென்ன எழுத வேண்டும்?

இரவுப்பணி: விதிமுறையில் ஒரு வரி போதும். நான் சப்போர்ட்டில்தான் இருக்கிறேன். போனில் இருப்பவர் எந்தத் திரையில் நிற்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள்ளேயே அவர் பொறுமை போய்விடும். பாதிப் பேர் "பாஸ்வேர்டு சொல்றேன், நீங்களே போய்ப் பாருங்க" என்பார்கள். அதற்கு இந்த வசதி எவ்வளவோ மேல். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது.

தேன்மொழி: நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு ஆப்பில் மருந்து வாங்கினேன். பணம் இரண்டு முறை பிடித்துவிட்டார்கள் என்று கேட்கத்தான் போன் செய்தேன். எடுத்தவர் நான் வாங்கிய மாத்திரையின் பெயரைச் சொல்லி, "இது உங்களுக்கா?" என்று கேட்டார். பணத்துக்கும் அந்தக் கேள்விக்கும் என்ன சம்பந்தம்? நான் என்றோ ஒரு டிக் அடித்திருப்பேன். இதற்கு ஒப்புக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரவீன்: பார்க்க மட்டும் விடுங்கள், மாற்ற விடாதீர்கள். பிரச்சினை முடிந்தது. அந்த செஷனில் `GET` கோரிக்கைகளை மட்டும் சர்வரில் அனுமதியுங்கள். `POST`, `PUT`, `DELETE` வந்தால் தள்ளிவிடுங்கள். பத்து வரி கோடு.

பழைய கோடர்: பிரவீன் சொன்னதில் ஒன்று சரி: தடுப்பது சர்வரில்தான் இருக்க வேண்டும். பட்டனை மறைத்தால் மட்டும் போதாது. ஆனால் `GET` என்றால் எதுவும் மாறாது என்று நம்பாதீர்கள். செய்திப் பெட்டியைத் திறந்தாலே "படித்தாயிற்று" என்று குறிக்கும் மென்பொருள்கள் நிறைய உண்டு. சப்போர்ட் ஆள் ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பார். கடைக்காரருக்கு வந்த வரி நோட்டீஸ் புதியது என்று காட்டாமலே போய்விடும். "கடைசியாக உள்நுழைந்த நேரம்" மாறும். எல்லா பில்லையும் ஒரே ஃபைலாக இறக்கும் இணைப்பும் `GET`தான். அது எதையும் மாற்றாது, ஆனால் மொத்தக் கணக்கும் வெளியே போய்விடும். தேன்மொழிக்கு நடந்ததில் யாரும் எதையும் மாற்றவில்லை, பார்த்ததுதான் தவறு.

இன்னொன்று. வாடிக்கையாளருடைய உண்மையான டோக்கனை, அதாவது அவராகவே உள்ளே விடும் சாவியை, உருவாக்கி சப்போர்ட் ஆளிடம் கொடுக்காதீர்கள். ஃபேஸ்புக்கில் 2018 செப்டம்பரில் வெடித்தது இந்த வகைதான். அங்கே சிக்கிய `View As` சப்போர்ட் வசதி அல்ல. நம் பக்கம் இன்னொருவருக்கு எப்படித் தெரியும் என்று பார்ப்பதற்காக வைத்தது. பார்க்க மட்டுமே என்றிருந்த அந்தப் பக்கத்தில் பிறந்தநாள் வாழ்த்துப் பெட்டி வழியாக வீடியோ ஏற்றும் கருவி தவறுதலாக வந்துவிட்டது. அந்தக் கருவி ஒரு டோக்கனை உருவாக்கியது. அதுவும் பார்ப்பவருடையது அல்ல, யாராகப் பார்க்கிறோமோ அவருடையது. ஏறக்குறைய 3 கோடிப் பேரின் டோக்கன்கள் திருடு போயின.

ஆகவே செஷனில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும்: உண்மையில் உட்கார்ந்திருப்பவர், யாருடைய பார்வையோ அவர். ரெயில்ஸில் `pretender` என்ற லைப்ரரி இதைத்தான் செய்கிறது: `current_user` வாடிக்கையாளர், `true_user` ஊழியர். லாக்கிலும் இருவரும் ஒரே வரியில் வர வேண்டும்:

```
actor=staff:41 viewed_as=cust:9083
action=invoice.open object=inv:5520
ticket=T-2217 result=ok
```

வாடிக்கையாளர் எண்ணை மட்டும் எழுதினால், நாளை ஒரு பில் ரத்தாகியிருக்கும்போது "நீங்களே ரத்து செய்திருக்கிறீர்கள்" என்று கடைக்காரரிடமே லாக் சொல்லும். பில்லில் உள்ள விவரத்தை லாக்கில் நகலெடுக்க வேண்டாம், எண் போதும். இல்லாவிட்டால் லாக்கே இன்னொரு கசிவாகிவிடும்.

சுப்பையா: தம்பிகளா, போனில் யாராவது திரையைக் காட்டச் சொன்னால் காட்டவே கூடாது. எனிடெஸ்க் போடச் சொல்லி பேங்க் பணத்தை எடுத்தது எத்தனை பேருக்கு நடந்திருக்கிறது! இந்த வசதியே வேண்டாம்.

கடைக்கணக்கு: ஐயா, இது அது இல்லை. வாடிக்கையாளரின் போனையோ கணினியையோ நாங்கள் தொடவே மாட்டோம். எங்கள் சர்வரில் உள்ள அவருடைய கணக்கை எங்கள் திரையில் பார்ப்பதுதான்.

சுப்பையா: சரி, புரிந்தது. ஆனால் அனுமதி எப்படிக் கேட்பீர்கள்? போனில் பேசிக்கொண்டே "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள்" என்றால், ஏமாற்றுக்காரன் கேட்பதும் அதேதானே. எங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

பழைய கோடர்: ஐயா சொல்வது மிகச் சரி. எண்ணைப் போனில் சொல்லச் சொல்லவே கூடாது. வாடிக்கையாளர் தானே ஆப்பைத் திறந்து, உதவிப் பக்கத்தில் "இந்தப் புகாருக்காக 30 நிமிடம் பார்க்க அனுமதி" என்று அழுத்த வேண்டும். எந்தப் பகுதி என்பதும் அங்கேயே தெரிய வேண்டும்: பில் பட்டியல் மட்டுமா, வங்கி விவரமும் சேர்த்தா என்று. நேரம் முடிந்தால் செஷன் தானாக அறுந்துவிட வேண்டும், அதற்கு முன்பே நிறுத்த அவரிடம் ஒரு பட்டனும் வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸில் உள்நுழைய விடும் கால அளவை வாடிக்கையாளரே தேர்ந்தெடுப்பார். விதிமுறையில் புதைத்த ஒரு வரிக்கும் இதற்கும் நிறைய தூரம்.

இரவுப்பணி: எல்லாம் சரி, எனக்கு வரும் அழைப்பில் முக்கால்வாசி "உள்ளேயே போக முடியவில்லை" என்பதுதான். உள்ளே போக முடியாதவர் எப்படி உள்ளே போய் அனுமதி கொடுப்பார்?

பழைய கோடர்: உள்ளே போக முடியாதவருக்கு அவர் பார்வை எதற்கு? அவருக்கு வருவது உள்நுழையும் பக்கம் மட்டும்தானே. கணக்கு பூட்டியிருக்கிறதா, மொபைல் எண் மாறியதா என்பதையெல்லாம் உங்கள் அட்மின் பக்கத்திலேயே பார்க்கலாம்.

இரவுப்பணி: எல்லா நேரமும் இல்லை. உள்ளே போனதும் வெள்ளைத் திரை வருகிறது, எதையும் அழுத்த முடியவில்லை என்பார்கள். அந்தக் கணக்காகத் திறந்தால்தான் காரணம் தெரியும்.

பழைய கோடர்: அது நியாயமான கேஸ். பதிவான மெயிலுக்கோ எண்ணுக்கோ ஒரு இணைப்பு போகட்டும், அங்கே அழுத்தட்டும். அதுவும் முடியாவிட்டால் இன்னொரு ஊழியர் ஒப்புதல் கொடுக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், திறந்த உடனே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும்.

பிரவீன்: இரவு இரண்டு மணிக்கு இன்னொரு ஊழியர் எங்கே இருப்பார்? பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பார்க்காமலே ஓகே கொடுப்பார். இப்படி ஒப்புதல் வைப்பதும் ஒன்றுதான், வைக்காததும் ஒன்றுதான்.

தேன்மொழி: அந்த லாக்கை யார் படிப்பார்கள்? யாரும் படிக்காவிட்டால் அது இருந்து என்ன பயன்?

பழைய கோடர்: முதலில் நீங்கள் படிக்க வேண்டும். "என் கணக்கை எப்போது, எதற்காகப் பார்த்தார்கள்" என்று ஒரு பக்கம். ஊழியர் பெயர் வேண்டாம், டிக்கெட் எண்ணும் திறந்த பக்கங்களும் போதும். நீங்கள் பணம் பற்றிக் கேட்ட டிக்கெட்டில் மருந்துப் பட்டியல் திறந்திருந்தால் அங்கேயே தெரியும். நிறுவனத்துக்குள் சப்போர்ட் குழுவால் அழிக்கவோ திருத்தவோ முடியாத இடத்தில் லாக் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, மூடிய டிக்கெட்டின் பெயரில் திறந்தவை, அவசர வழியில் திறந்தவை இரண்டையும் மட்டும் பிரித்துப் பார்த்தாலே போதும். ஒரே ஊழியர் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் கேளுங்கள். பிரவீன் சொன்ன கண்மூடி ஒப்புதலும் அந்தப் பட்டியலில் மாட்டும். என்ன, நடந்த பிறகுதான் மாட்டும்.

கடைக்கணக்கு: விதிமுறை வரியை விட்டுவிடுகிறோம். டிக்கெட்டுக்கு ஒரு அனுமதி, 30 நிமிடம், லாக்கில் இரண்டு பெயர். ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: அந்த பில் பட்டன் கேஸில் சோதனைக்காக ஒரு கடைக்காரரிடம் கேட்டு அவர் பார்வையில் திறந்தோம். கடைப்பையனுக்கான துணைக் கணக்கில் ரத்து உரிமையே இல்லை. முதலாளி அவன் போனிலிருந்து பார்த்துவிட்டுப் புகார் சொல்லியிருக்கிறார். இங்கே யாரிடம் ஒப்புதல் வாங்குவது, முதலாளியிடமா, அந்தப் பையனிடமா?

தேன்மொழி: இருவரிடமும். திறப்பது பையனுடைய கணக்குதானே.

இரவுப்பணி: கடை முதலாளியுடையது, பணம் கட்டுவது அவர். பையனிடம் கேட்டால் முதலாளி எங்களைத்தான் திட்டுவார்.